சுருக்க விகிதமும் குழந்தைக் கவுனுக்கு ஃபிரில் தைத்தலும்

நீண்ட துணிப்பட்டை ஒன்றின் ஒரு விளிம்பைச் சுருக்கி, அதைவிடக் குறைந்த நீளமுள்ள மற்றொரு துணியின் விளிம்பில் இணைத்துத் தைப்பதே ஃபிரில் எனப்படும். பட்டையின் சுருக்கப்பட்ட விளிம்பு தையலில் அடங்கிவிடும். மறு விளிம்பு கட்டின்றி இருப்பதால் அலையலையாக விரியும். குழந்தைகளின் கவுனில் கழுத்து, கைமுனை, பாவாடையின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் ஃபிரில் வைக்கப்படுகிறது. இப்பகுதியில், பாவாடையின் அடியில் வைக்கப்படும் ஃபிரிலை எடுத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு துணி வெட்ட வேண்டும் என்பதையும் அதைத் தைக்கும் முறையையும் காண்போம்.

1. சுருக்க விகிதம்

பட்டையின் நீளத்தை, அது இணைக்கப்படும் விளிம்பின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது சுருக்க விகிதம். 60 செ.மீ. நீளமுள்ள பட்டையை 30 செ.மீ. விளிம்பில் அடக்கினால் விகிதம் 2 ஆகும். 45 செ.மீ. பட்டையை அதே விளிம்பில் அடக்கினால் விகிதம் 1.5 ஆகும்.

எல்லா ஃபிரிலுக்கும் இரு மடங்கு துணி போதும் என்பது தையற்கூடங்களில் பரவலாக வழங்கும் கணக்கு. நடுத்தரத் தடிமனுள்ள பருத்தித் துணிக்கு இது பொருந்தும். எல்லாத் துணிகளுக்கும் பொருந்தாது. விகிதத்தை முடிவு செய்பவை முதன்மையாக இரண்டு: துணியின் தடிமன், ஃபிரிலின் உயரம்.

சுருக்கும்போது துணி சிறுசிறு மடிப்புகளாகி, தையல் கோட்டில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கிறது. மெல்லிய வாயில் துணியின் மடிப்பு மிகக் குறைந்த இடத்தையே பிடிப்பதால் 2.5 முதல் 3 மடங்கு வரை சுருக்கலாம். அதற்குக் குறைவாகச் சுருக்கினால் மடிப்புகளுக்கு இடையே துணி தட்டையாகத் தெரியும். பாப்ளின் போன்ற நடுத்தரத் துணிக்கு 2 மடங்கு ஏற்றது. கார்டுராய், டெனிம் போன்ற தடித்த துணியின் ஒவ்வொரு மடிப்பும் அதிக இடம் பிடிக்கும். அதை 1.5 மடங்குக்கு மேல் சுருக்கினால் தையல் கோடு கயிறுபோல் தடித்துவிடும். ஃபிரில் கீழ்நோக்கித் தொங்காமல் வெளிப்புறமாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது உயரம். தையல் கோட்டில் நெருங்கியிருக்கும் மடிப்புகள் கீழே செல்லச் செல்ல அகன்று விரிகின்றன. ஆகவே உயரமான ஃபிரிலில் மேலே நெருக்கமாகத் தோன்றும் சுருக்கம் அடியில் மெலிந்துவிடும்; அதற்குச் சற்றுக் கூடுதல் விகிதம் தேவை. மூன்று அல்லது நான்கு செ.மீ. உயரமுள்ள குறுகிய ஃபிரிலில் மடிப்பு விரிய இடமில்லை. எனவே குறைந்த விகிதமே அதற்கு நிறைவான தோற்றத்தைத் தரும்.

2. மாதிரிப் பட்டைச் சோதனை

ஒரு துணிக்குரிய விகிதத்தை அட்டவணையைப் பார்த்து முடிவு செய்வதைவிட, அதே துணியில் சுருக்கிப் பார்த்து முடிவு செய்வதே நம்பகமானது. அதற்கு ஒரே ஒரு பட்டை போதும்.

தைக்கவிருக்கும் துணியில், ஃபிரிலின் உயரத்திற்கேற்ப 60 செ.மீ. நீளமுள்ள பட்டை ஒன்றை வெட்டிச் சுருக்கத் தையல் இட வேண்டும். முதலில் அதை 40 செ.மீ. நீளத்திற்குச் சுருக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும், இது 1.5 மடங்கு. பிறகு 30 செ.மீ. ஆகச் சுருக்கினால் 2 மடங்கு. 24 செ.மீ. ஆனால் 2.5 மடங்கு. 20 செ.மீ. ஆனால் 3 மடங்கு. ஒவ்வொரு நிலையிலும் பட்டையை மேசை விளிம்பில் குண்டூசியால் குத்தித் தொங்கவிட்டு உற்றுநோக்க வேண்டும்.

மடிப்புகளுக்கு இடையே தட்டையான பகுதிகள் தெரிந்து, தையல் இழுத்துக்கொண்டதுபோல் தோன்றினால் விகிதம் போதாது. மேல் விளிம்பு விரல்களுக்கிடையே கட்டிபோல் தடித்து, பட்டை வெளிநோக்கி நின்றால் விகிதம் மிகுதி. மடிப்புகள் ஒரே சீராகக் கீழ்நோக்கி விழும் நிலையே அத்துணிக்கு உரிய விகிதம்.

3. துணியைக் கணக்கிடுதல்

நான்கு வயதுக் குழந்தையின் பாப்ளின் கவுன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாவாடையின் அடிச்சுற்று 120 செ.மீ. ஃபிரிலின் உயரம் 8 செ.மீ. மாதிரிப் பட்டைச் சோதனையில் தேர்ந்த விகிதம் 2.

தேவையான பட்டை நீளம் 120 × 2 = 240 செ.மீ. துணியின் அகலம் 90 செ.மீ.; இருபுறக் கரைகளையும் நீக்கினால் 88 செ.மீ. கிடைக்கும். எனவே இரண்டு பட்டைகள் போதா. மூன்று பட்டைகள் வேண்டும். மூன்றையும் வளையமாக இணைக்கும்போது மூன்று இணைப்புகள் உண்டாகும். ஓர் இணைப்பில் பக்கத்திற்கு 1 செ.மீ. வீதம் 2 செ.மீ. துணி தையலில் போகும். மொத்தம் 6 செ.மீ. ஆகவே 240 + 6 = 246 செ.மீ. தேவை. மூன்றால் வகுத்தால் ஒவ்வொரு பட்டையும் 82 செ.மீ. நீளம் இருக்க வேண்டும்.

பட்டையின் அகலத்தில் ஃபிரிலின் உயரம் 8 செ.மீ., மேல் தையலுக்கு 1.5 செ.மீ., அடி மடிப்புக்கு 1.5 செ.மீ. ஆகியவை அடங்கும், மொத்தம் 11 செ.மீ. மூன்று பட்டைகளுக்கு 33 செ.மீ. துணி வாங்கினால் போதும். ஃபிரிலின் உயரமாகிய 8 செ.மீ. அளவைப் பாவாடையின் நீளத்திலிருந்து முன்பே கழித்து வெட்ட வேண்டும். மறந்தால் கவுன் அந்த அளவுக்கு நீண்டு குழந்தையின் நடையைத் தடுக்கும்.

கையில் 22 செ.மீ. துணி மட்டுமே இருந்தால் என்ன செய்வது? 11 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளே கிடைக்கும். அவற்றின் நீளம் இணைப்புகள் போக 172 செ.மீ. விகிதம் 1.43 ஆகக் குறைந்து, 8 செ.மீ. உயர ஃபிரில் தட்டையாகிவிடும். மாறாக, உயரத்தை 4 செ.மீ. ஆகக் குறைத்தால் பட்டையின் அகலம் 7 செ.மீ. ஆகும். மூன்று பட்டைகளுக்கு 21 செ.மீ. துணி போதும், விகிதம் 2 என்பதும் மாறாது. துணி குறையும்போது விகிதத்தைக் குறைப்பதைவிட உயரத்தைக் குறைப்பதே சிறந்தது.

4. வெட்டுதல்

பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்தி இஸ்திரி செய்ய வேண்டும். பாவாடைக்கும் ஃபிரிலுக்கும் வெவ்வேறு துணி பயன்படுத்தினால் இது மிகவும் அவசியம். ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காவிட்டால், முதல் சலவையிலேயே தையல் கோடு இழுபட்டு நெளியும்.

பட்டைகளைத் துணியின் அகலவாக்கில், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வெட்ட வேண்டும். அப்போது பாவு நூல்கள் ஃபிரிலின் மேலிருந்து கீழாக அமையும். மடிப்புகள் பாவு நூலின் திசையில் இயல்பாக விழும். துணியின் நீளவாக்கில் வெட்டினால் இணைப்புகள் குறையும். ஆயினும் மடிப்புகள் விறைப்பாக நிற்கும்.

5. தைக்கும் முறை

பட்டைகளை வளையமாக இணைத்து, இணைப்பு ஓரங்களை நூல் பிரியாதவாறு முடிக்க வேண்டும். பின்னர் அடி விளிம்பை முதலில் 0.5 செ.மீ., அடுத்து 1 செ.மீ. என இருமுறை மடித்துத் தைக்க வேண்டும். சுருக்கிய பின் அடி விளிம்பை மடிப்பது கடினம். எனவே இதனை முதலிலேயே செய்ய வேண்டும்.

அடுத்து, ஃபிரிலையும் பாவாடையின் அடிச்சுற்றையும் தனித்தனியே நான்கு சம பாகங்களாகப் பிரித்துச் சாக்பீஸால் குறியிட வேண்டும். நம் கணக்கின்படி ஃபிரிலில் ஒரு பாகம் 60 செ.மீ.; பாவாடையில் ஒரு பாகம் 30 செ.மீ.

எந்திரத்தில் தையல் நீளத்தை 4 மி.மீ. ஆக வைத்து, மேல் நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஃபிரிலின் மேல் விளிம்பிலிருந்து 0.7 செ.மீ. தொலைவில் ஒரு வரிசையும், 1.2 செ.மீ. தொலைவில் மற்றொரு வரிசையும் தைக்க வேண்டும். ஒரு வரிசை மட்டும் இட்டால் மடிப்புகள் திரும்பிக்கொள்ளும். இரண்டு வரிசைகள் அவற்றை நேராக நிறுத்தும். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே தொடங்கி முடித்து, இருமுனைகளிலும் 8 செ.மீ. நூலைத் தொங்கவிட வேண்டும். முனைகளில் பின்தையல் இடக்கூடாது. 240 செ.மீ. நீளத்தையும் ஒரே நூலில் இழுத்தால் நூல் நடுவில் அறுந்து, எல்லாச் சுருக்கமும் கலைந்துவிடும்.

ஃபிரிலின் நல்ல பக்கமும் பாவாடையின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று நோக்க வைத்து, நான்கு குறிகளையும் பொருத்திக் குண்டூசி குத்த வேண்டும். பின் இரு வரிசைகளின் பாபின் நூல்களையும் சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். தளர்த்தியது மேல் நூலை ஆதலால் பாபின் நூல் எளிதில் நகரும். ஒரு பாகம் 30 செ.மீ. ஆனதும் நூலைக் குண்டூசியைச் சுற்றி எட்டு வடிவில் கட்டி, மடிப்புகளை விரலால் நகர்த்திச் சமமாகப் பரப்ப வேண்டும்.

தையல் நீளத்தை 2.5 மி.மீ. ஆக மாற்றி, மேல் நூலின் இறுக்கத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. தொலைவில் இணைத்துத் தைக்க வேண்டும். அப்போது சுருக்கப்பட்ட ஃபிரில் மேல்பக்கம் இருக்க வேண்டும். மடிப்புகள் கண்ணுக்குத் தெரிவதால், அவை சாய்ந்து தையலில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளலாம். சுருக்கத் தையல்கள் உட்புறமே அமைவதால் அவற்றைப் பிரிக்க வேண்டியதில்லை.

தையல் ஓரத்தை ஓவர்லாக் செய்து, பாவாடைப் பக்கமாக மேல்நோக்கித் திருப்பி இஸ்திரி செய்ய வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் முனையை மட்டும் மடிப்புகளுக்குள் செலுத்த வேண்டும். முழுப் பெட்டியையும் சுருக்கத்தின்மீது வைத்தால் மடிப்புகள் நசுங்கிவிடும்.

6. பிழைகளும் காரணங்களும்

ஓரிடத்தில் சுருக்கம் நெருக்கமாகவும் மற்றோரிடத்தில் தளர்வாகவும் இருந்தால், நான்கு பாகக் குறிகள் சரியாகப் பொருந்தவில்லை அல்லது மடிப்புகள் சமமாகப் பரப்பப்படவில்லை என அறியலாம். வெளிப்புறத்தில் சுருக்கத் தையல் தெரிந்தால், இணைப்புத் தையல் 1.2 செ.மீ. வரிசைக்கு மேலே ஏறியிருக்கிறது. அவ்விடத்தில் மட்டும் மீண்டும் 1.5 செ.மீ. கோட்டில் தைத்தால் போதும். எல்லாம் சரியாக இருந்தும் ஃபிரில் தொங்காமல் நீட்டி நின்றால், பிழை தையலில் இல்லை. துணிக்குப் பொருந்தாத விகிதத்தில் உள்ளது. அதைத் தைத்து முடித்தபின் திருத்த முடியாது. பிரித்து, பட்டையைக் குறைத்தே மீண்டும் தைக்க வேண்டும். 60 செ.மீ. மாதிரிப் பட்டை இந்த உழைப்பைத் தவிர்க்கிறது.

வினாக்கள்

1. உயரமான ஃபிரிலுக்குக் கூடுதல் சுருக்க விகிதம் தேவைப்படுவது ஏன்?

2. பாவாடையின் அடிச்சுற்று 100 செ.மீ., ஃபிரிலின் உயரம் 6 செ.மீ., விகிதம் 2, பயன்படுத்தத்தக்க துணி அகலம் 88 செ.மீ. எனில், எத்தனை பட்டைகள் வேண்டும்? எவ்வளவு நீளத் துணி வாங்க வேண்டும்?

3. துணி போதாத நிலையில் விகிதம், உயரம் ஆகிய இரண்டில் எதைக் குறைக்க வேண்டும்? கணக்குடன் விளக்குக.