பணம் ஏறவில்லை: கோளாறு யார் பக்கம்?

ஆன்லைன் கடைக்காரர் பலர் நாளுக்கு எத்தனை பேமென்ட் தோற்றது என்ற ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பேமென்ட் கேட்வே சிக்கலை அந்த எண் சீக்கிரம் காட்டிக்கொடுக்காது.

ஒரு சேலைக் கடையை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 100 முயற்சிகளில் 20 தோற்கும். அதில் 15 வாடிக்கையாளர் பக்கத்தில் நடப்பவை: கணக்கில் பணமில்லை, பின் நம்பர் தப்பு, ஓடிபி வரும்முன் மனம் மாறியது. மீதி 5தான் தொழில்நுட்பக் கோளாறு. ஒரு மாலை அரை மணி நேரத்தில் 40 முயற்சி, 12 தோல்வி. வழக்கப்படி 8 தோற்றிருக்கும். நான்குதானே கூடுதல் என்று விட்டுவிடத் தோன்றும். காரணத்தைப் பிரித்தால் கதை வேறு. வாடிக்கையாளர் பக்கம் 4. தொழில்நுட்பக் கோளாறு 8. இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு!

பிரிக்க உதவுவது தோல்வியோடு வரும் குறியீடு. யுபிஐயில் `Z9` என்றால் இருப்பு போதவில்லை, `ZM` என்றால் பின் தவறு. கார்டில் `51` இருப்பின்மை. `91` வந்தால் கார்டு கொடுத்த வங்கியின் சர்வர் பதில் தரவில்லை. `05` மட்டும் தொல்லை பிடித்தது. வங்கி மறுத்துவிட்டது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதை இரண்டிலும் சேர்க்காமல் தனியாக எண்ணுவதே நல்லது.

அடுத்து, அந்த எட்டையும் வங்கிவாரியாகப் பார்க்க வேண்டும். எட்டும் ஒரே வங்கியின் கணக்குகள் என்றால் கேட்வேயைத் திட்டிப் பயனில்லை. வேறு கணக்கில் செலுத்துங்கள் என்று பேமென்ட் பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும். பல வங்கி, கார்டு, யுபிஐ என எல்லாவற்றிலும் சிதறிக் கிடந்தால் சந்தேகம் கேட்வே மேல். இரண்டாவது கேட்வே வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டிய நேரம் அதுதான். யுபிஐ மட்டும் எல்லா வங்கியிலும் விழுந்தால், 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க நடந்ததுபோல, யுபிஐ அமைப்பே தடுமாறியிருக்கலாம்.

எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே ஆள் ஐந்து முறை அழுத்தினால் ஐந்து தோல்வி பதிவாகும். ஆர்டருக்கு ஒன்று என எண்ணாவிட்டால் ஒருவரின் பிடிவாதமே கோளாறாகத் தெரியும். மணிக்கு நாலைந்து ஆர்டர் வரும் சிறு கடையில் அரை மணி நேரக் கணக்கும் உதவாது; கடைசி 20 ஆர்டர்களில் எத்தனை என்று பார்ப்பதே சரி.

தோல்வியாகவே பதிவாகாத சிக்கலும் உண்டு. பணம் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து போயிருக்கும், கடைக்குத் தகவல் வந்திருக்காது. ஆர்டர் ‘பெண்டிங்’கில் நிற்கும். தோல்வி விகிதம் அப்போதும் அழகாகவே இருக்கும். ஆகவே கால் மணி நேரம் தாண்டியும் பெண்டிங்கில் நிற்பவை எத்தனை என்பதற்கும் தனி அலாரம் வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்கு உறுதி வராத யுபிஐ பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் வாடிக்கையாளர் போன் செய்வதென்னவோ முதல் பத்து நிமிடத்திலேயே, அதுவும் கடைக்குத்தான்.