வாழைமரமும் முள்ளில்லாக் கள்ளியும்: வறட்சியில் எவ்வளவு தூரம் தாங்கும்?

2023ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தபோது கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பெங்களூரைச் சுற்றியுள்ள கோலார், சிக்கபள்ளாபூர், தும்கூர்ப் பக்கங்களில் மாட்டுக்கு ஆதாரமே ராகித் தாள்தான். ராகி விளையாத வருடத்தில் தாளும் இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் கண்ணில் படும் பச்சை எல்லாம் தீனியாகத் தெரியும். ஆழ்துளைக் கிணறு வற்றாத தோட்டத்தில் தார் வெட்டிய வாழைமரங்கள் சாய்ந்து கிடக்கும். ஆயுதபூஜை முடிந்த மறுநாள் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் தெருக்களில் விற்காமல் போன வாழைக் கன்றுகள் குவிந்திருக்கும். வேலியோரம் வளர்க்கச் சொல்லிப் பரிந்துரைக்கப்படும் முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி இன்னொன்று. இவை மாட்டைக் காப்பாற்றுமா என்றால், காப்பாற்றும். ஆனால் எதோடு சேர்த்து, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து.

வாழைமரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். மரம் என்று நாம் சொல்வது, ஒன்றை ஒன்று இறுகச் சுற்றிய இலைமட்டைகளின் அடுக்கு. ஒவ்வொரு மட்டைக்குள்ளும் தேன்கூடு போல் சிறு சிறு அறைகள், அறைகளில் நீர். வெட்டிய இடத்திலிருந்து அது சொட்டிக்கொண்டே இருக்கும், துணியில் பட்டால் கறை போகாது. மொத்த எடையில் நூற்றுக்குச் சுமார் 94 பங்கு தண்ணீர். காய்ந்தபின் மிஞ்சுவது 6 பங்குதான். அந்த மிச்சத்திலும் புரதம் 3 சதவீதம் அளவில் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 350 கிலோ எடையுள்ள, பால் வற்றிய பசு ஒன்று. உடம்பு கரையாமல் நிற்க அதற்கு நாளொன்றுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் 6 கிலோ தீனியாவது உள்ளே போக வேண்டும். வாழைமரத்தை மட்டும் போட்டால் அதற்கு 100 கிலோ வேண்டும். எந்த மாடும் அவ்வளவு தின்னாது. வயிற்றில் இடம் கிடையாது. 40 கிலோ தின்றது என்றே வைத்துக்கொள்வோம். கிடைக்கும் உலர் தீனி 2.4 கிலோ, புரதம் 70 கிராம் சொச்சம். உயிர் தாங்க மட்டும் அதற்கு 300 கிராமாவது வேண்டும். வயிறு புடைத்து, பார்ப்பதற்குத் தின்று நிறைந்த மாடு போல் நிற்கும், உள்ளே பட்டினி.

புரதக் குறைவு அளவில் மட்டும் அடிக்கும் விஷயமல்ல. மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் செரிப்பவை நுண்ணுயிர்கள். உலர் தீனியில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை பெருகாது, நார் செரிக்காது, அசைபோடுவது குறையும், மாடு தீனியையே ஒதுக்கத் தொடங்கும். ஆகவே வறட்சித் தீனியைக் கலக்கும்போது முதலில் எட்ட வேண்டியது இந்த 7.

அதே பசுவுக்கு இப்படிக் கொடுக்கலாம்: நறுக்கிய வாழைமரம் 15 கிலோ, ராகித் தாள் 5 கிலோ, கடலைப் புண்ணாக்கு அரைக் கிலோ. வாழையிலிருந்து வரும் புரதம் 30 கிராம்கூட இல்லை. தாளிலிருந்து 180 கிராம் அளவில். புண்ணாக்கு ஒன்றே 200 கிராம் தந்துவிடும். மொத்தம் 400 கிராமைத் தாண்டி, உலர் தீனியில் 7 சதவீதத்தை எட்டிப்பிடிக்கிறது; உயிர் தாங்கும் அளவுக்குச் சக்தியும் கிடைக்கிறது. வாழையின் பங்கு 14 லிட்டர் தண்ணீரும், காய்ந்த தாளை மாடு விருப்பமாய்த் தின்ன உதவும் ஈரமும், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான உலர் தீனியும். குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊரில் அந்தத் தண்ணீர் சின்ன விஷயமல்ல. ஆனால் இது கறக்காத மாட்டின் கணக்கு. கறவை என்றால் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மேலும் 80, 90 கிராம் புரதம் தேவை. அதை வாழை தராது, புண்ணாக்கும் தவிடும்தான் தர வேண்டும்.

கொடுக்கும் விதமும் முக்கியம். காய்ந்த வெளிமட்டைகளை உரித்தெறிந்துவிட்டு, மீதியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கித் தாளோடு கலக்க வேண்டும். முழுசாகப் போட்டால் மாடு மென்று சாற்றை உறிஞ்சிவிட்டு நாரைத் தள்ளிவிடும். அன்றன்று வெட்டியதை அன்றே தீர்க்க வேண்டும். நறுக்கியது மறுநாளுக்குள் புளித்துப்போகும். வாழையில் பொட்டாசியம் மிக அதிகம், சோடியம் சொற்பம். அதனால் உப்பு 30 கிராம், தாது உப்புக் கலவை 50 கிராம் தினமும் சேர்க்க வேண்டும். தாதுக் குறை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அந்தந்தப் பகுதிக்கேற்ற கலவைகளை வகுத்ததில் பெங்களூர் ஆடுகோடியில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியக்கவியல் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. பகுதிக்கான கலவை கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது.

இன்னொரு ஆபத்தைப் பலரும் நினைப்பதில்லை. வாழைத்தண்டைத் துளைக்கும் கூன்வண்டுக்கு, பூச்சிக்கொல்லியை மரத்துக்குள்ளேயே ஊசியால் செலுத்தும் வழக்கம் உண்டு. மரத்தில் சிறு துளைகளும் பிசின் வடிந்த தடமும் இருந்தால் கேட்காமல் ஏற்றிவராதீர்கள். மருந்து போட்ட மரம் என்று தோட்டக்காரர் சொன்னால் அது தீனியல்ல. எந்தத் தோட்டத்து மரம் என்றே தெரியாத மார்க்கெட் குவியலைப் பற்றி எனக்கு இந்தக் காரணத்தால்தான் தயக்கம்.

கள்ளியின் கதை வேறு. இதன் மடலில் உள்ள நுண்துளைகள் பகலில் மூடியிருக்கும், இரவின் குளிர்ச்சியில் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும். அதனால் மற்றப் பயிர்கள் கருகும் இடத்திலும் நீரைச் செலவழிக்காமல் வளரும். வடகிழக்குப் பிரேசிலிலும் துனிசியாவிலும் இதுதான் கோடைத் தீனி. இதிலும் 90 பங்கு தண்ணீர், உலர்ந்ததில் புரதம் 5 சதவீத அளவில். ஆனால் வாழையைவிட எளிதில் செரிக்கும் மாவுப்பொருளும் சர்க்கரையும் கூடுதல். அங்கேதான் சிக்கல்: நார் குறைவு. கள்ளியை மட்டும் வயிறு முட்டக் கொடுத்தால் சாணி இரண்டு மூன்று நாளில் கூழாகி, பிறகு தண்ணீராகும். சாணி தளரத் தொடங்கியதுமே கள்ளியைக் குறைத்துத் தாளைக் கூட்டுங்கள். இதில் சுண்ணாம்புச் சத்து ஏராளம் என்று ஆய்வுத்தாள் காட்டும். பெரும்பகுதி ஆக்ஸலேட்டோடு பிணைந்திருப்பதால் மாட்டுக்கு முழுசாகச் சேராது. மணிச்சத்தும் குறைவு.

முக்கியமான வித்தியாசம் காலம். வாழை இன்று கிடக்கிறது, இன்றே வெட்டலாம். கள்ளியை வறட்சி வந்தபின் நட்டுப் பயனில்லை. மடல் ஊன்றி முதல் வெட்டுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகும். வெட்டிய மடலை உடனே ஊன்றக் கூடாது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை சில வாரம் நிழலில் போட்டு, பிறகு தண்ணீர் நிற்காத மேட்டில் ஊன்ற வேண்டும்.

தென்னிந்தியாவில் கள்ளி நடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பழைய சம்பவம் ஒன்று உண்டு. நிலங்களை அடைத்துக்கொண்ட முள் சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள்; சில ஆண்டுகளில் கள்ளிக் காடுகள் அழிந்தன. அதே இனப் பூச்சி முள்ளில்லாத கள்ளியையும் தின்னும். மொராக்கோவில் 2014க்குப் பிறகு கள்ளித் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது இதுதான். மடலில் பஞ்சு போல் வெண்மையாக ஒட்டியிருப்பதை விரலால் நசுக்குங்கள். சிவப்புச் சாயம் வந்தால் கொச்சினீல்தான்; அந்த மடலை அன்றே வெட்டி எடுத்து ஆழமாகப் புதைத்துவிட்டு, பக்கத்துச் செடிகளையும் மடல் மடலாகப் பாருங்கள்.