நீக்காமலே நீக்கிப் பார்ப்பது

நேரியல் தொடர்புப்போக்குக் கோடு புதிய தரவை எவ்வளவு சரியாகக் கணிக்கும் என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு புள்ளியை ஒதுக்கிவிட்டு, மீதிப் புள்ளிகளைக் கொண்டு கோடு வரைந்து, ஒதுக்கியதை அந்தக் கோடு எவ்வளவு பிழையோடு கணிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் இதையே செய்து பிழைகளின் வர்க்கச் சராசரியைக் காண வேண்டும். ஆயிரம் புள்ளிகள் இருந்தால் ஆயிரம் கோடுகள் வரைய வேண்டும் என்றே தோன்றும். மீச்சிறு வர்க்க முறையில் ஒரே கோடு போதும்.

புள்ளியின் உண்மை மதிப்புக்கும் கோடு தரும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு எச்சம், e. ஒரு புள்ளியின் y ஒரு அலகு உயர்ந்தால் அந்த இடத்தில் கோடு எவ்வளவு உயரும் என்பதைச் சொல்வது ஹேட் மதிப்பு, h. இது x மதிப்புகளை மட்டுமே பொறுத்தது. X சராசரியிலிருந்து விலக விலகப் பெரிதாகும். நீக்கிக் கணித்தால் வரும் பிழை e/(1−h), அவ்வளவுதான்.

x 1, 2, 3, 4, 10 என்றும், அவற்றுக்குரிய y 2, 3, 5, 6, 9 என்றும் கொள்வோம். கோடு y = 2.04 + 0.74x. கடைசிப் புள்ளியில் கோடு தருவது 9.44, எச்சம் −0.44. பார்வைக்கு அருமையான பொருத்தம். ஆனால் அங்கே h = 1/5 + 36/50 = 0.92. ஆகவே நீக்கிய பிழை −0.44/0.08 = −5.5. நேரடியாகவும் சரிபார்க்கலாம்: முதல் நான்கு புள்ளிகளின் கோடு y = 0.5 + 1.4x; x = 10-இல் அது 14.5 என்கிறது, 9-இலிருந்து அதைக் கழித்தால் அதே −5.5.

இது எப்படி நடக்கிறது? கடைசிப் புள்ளியை 9-இலிருந்து 14.5-க்கு உயர்த்தினால், அது நான்கு புள்ளிக் கோட்டின் மேலேயே உட்காரும். அங்கே அது சேர்க்கும் பிழை பூஜ்யம் என்பதால் அந்தக் கோடே ஐந்து புள்ளிகளுக்கும் மிகச் சிறந்ததாகிவிடும். புள்ளி 5.5 உயர, கோடு அதன் 0.92 பங்கு, அதாவது 5.06 உயர்ந்து, 9.44-இலிருந்து 14.5-ஐ அடைகிறது. மிஞ்சிய 0.08 பங்குதான் எச்சமாகத் தெரிந்த 0.44. சூத்திரத்தின் முழு நிரூபணமும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

மற்ற நான்கு புள்ளிகளின் ஹேட் மதிப்புகள் 0.38, 0.28, 0.22, 0.20. ஐந்தையும் கூட்டினால் 2. கோட்டில் மதிப்பிடப்படும் எண்களும் இரண்டே. எச்சங்களின் வர்க்கச் சராசரி 0.524 மட்டுமே, நீக்கிய பிழைகளுக்கோ அது 6.96. இந்தப் பெருக்கம் ஏறக்குறைய முழுவதும் ஒரே புள்ளியால் வந்தது. சராசரியை மட்டும் பார்க்காமல் தனித்தனிப் பிழைகளையும் பார்ப்பது இதனால்தான் அவசியம். ஆர் மொழியில்:

```
m <- lm(y ~ x)
mean((resid(m) / (1 - hatvalues(m)))^2)
```

பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகைக்கு `PRESS` என்று பெயர்.

h = 1 ஆகும் இடத்தில் வகுக்க முடியாது: அந்தப் புள்ளியை நீக்கினால் ஏதோ ஒரு கெழுவை மதிப்பிடவே வழியிருக்காது. இன்னொரு பிழை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நுழையும். எல்லாப் புள்ளிகளின் y மதிப்புகளையும் பார்த்து மாறிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு இந்தச் சூத்திரத்தை இட்டால், ஒவ்வொரு புள்ளியும் தேர்விலேயே பங்கெடுத்திருக்கும். பிழை குறைவாகவே தெரியும். அப்போது நீண்ட வழிதான்: ஒவ்வொரு புள்ளியையும் நீக்கியபின் தேர்வையும் புதிதாகச் செய்ய வேண்டும்.