லிஃப்டுக்கு யார் பொறுப்பு?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயற்குழு கூடிக் கலைந்தபின் செயலாளரின் நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சு. ஏ.எம்.சி.காரர் போனே எடுக்கல. 3பி சார் – வேற கம்பெனி பாக்கலாம், எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. பொருளாளர் – காசு எங்க இருக்கு? பெயின்ட் வேலையைத் தள்ளிவெச்சாத்தான் உண்டு. 2ஏ மேடம் – மழைக்கு முன்னாடி அடிக்கலைன்னா சுவர் ஊறும். சரி, பாக்கலாம்.”

இதை அப்படியே நல்ல தமிழில் மாற்றி எழுதிவிட்டால் மினிட்ஸ் ஆகாது. யார் யாரை மறுத்துப் பேசினார் என்பது பெரும்பாலும் அதற்குத் தேவையில்லை. தன் எதிர்ப்பைப் பதிவு செய்யும்படி ஒருவர் கேட்டால் மட்டும் எழுதலாம்.

மேலே உள்ள குறிப்பில் எத்தனை முடிவுகள் இருக்கின்றன? ஒன்றுகூட இல்லை. கம்பெனியை மாற்றுவது ஒருவரின் யோசனை. பெயின்ட்டைத் தள்ளிவைப்பது பொருளாளர் போட்ட நிபந்தனை. அதற்கு மறுப்பும் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து எழுத உட்காரும் செயலாளர், “லிஃப்ட் நிறுவனத்தை மாற்றத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதுவதும், அடுத்த கூட்டத்தில் “நாங்க எப்ப ஒத்துக்கிட்டோம்?” என்று சண்டை வருவதும் இப்படித்தான். எல்லோரும் எழுந்து போவதற்கு முன்பே, “அப்ப இதுக்கு என்ன எழுதிக்கட்டும்?” என்று செயலாளர் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். அந்தப் பதிலை வைத்து மினிட்ஸ் இப்படி அமையும்:

“பொருள் 2: லிஃப்ட் பராமரிப்பு. அடிக்கடி பழுதாவதும் ஒப்பந்த நிறுவனம் அழைப்புக்கு வராததும் விவாதிக்கப்பட்டன. முடிவு: மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெற்று அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பது. பொறுப்பு: 2ஏ உரிமையாளர், ஜூன் 20க்குள். பெயின்ட் வேலையைத் தள்ளிவைப்பது குறித்து முடிவெடுக்கப்படவில்லை. கையிருப்புக் கணக்கைப் பொருளாளர் ஜூன் 15க்குள் தருவார்.”

வீட்டு எண்ணும் பதவியும் இங்கே உதாரணத்துக்குத்தான். புத்தகத்தில் ஆளின் பெயரையே எழுத வேண்டும். விலைப்புள்ளி வாங்கும் வேலை 3பி-க்குப் போகாததையும் கவனிக்கலாம். அவருக்குத் தெரிந்த நிறுவனம் போட்டியில் இருக்கும்போது அவரே விலை கேட்டு வாங்குவது சரியல்ல.

“விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்”, “பொறுப்பு: செயற்குழு” ஆகிய இரண்டும் மினிட்ஸில் வந்தால் அந்த வேலை நடக்காது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். கூட்டத்துக்கு வராதவர் தலையில் வேலையைக் கட்டுவதானால், முதலில் அவரிடம் போனில் சம்மதம் கேட்க வேண்டும்.

கம்பெனிகளின் இயக்குநர் கூட்டங்களுக்கு 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 30 நாள் கெடு வைத்திருக்கிறது. குடியிருப்புச் சங்கத்துக்கு அவ்வளவு நாள் வேண்டாம். பேச்சு நினைவில் இருக்கும்போதே, இரண்டு மூன்று நாளில் வரைவை உறுப்பினர்களுக்கு அனுப்பித் திருத்தம் கேட்டுவிடலாம். அடுத்த கூட்டத்தில் அது ஏற்கப்பட்டுத் தலைவர் கையெழுத்துப் போட்டபின் அடித்துத் திருத்தக் கூடாது. தவறு தெரியவந்தால், அந்தத் திருத்தத்தை அப்போது நடக்கும் கூட்டத்தின் மினிட்ஸில் தனிப் பொருளாக எழுத வேண்டும்.