காகிதத்தில் சுழலும் காற்றாலை

ஆடி மாதத்தில் ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல்காடு வெறுமையாகக் கிடக்கும். உளுந்தும் பருத்தியும் விதைக்க மழை வர வேண்டும். பார்வையை மறிக்க எதுவும் இல்லாத அந்த வெளியில் ஓங்கி நிற்பவை காற்றாலைகள்தான். லென்சு பாடத்துக்கு இவற்றைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. தூரத்தில் நிற்கின்றன, வெயிலில் பளிச்சென்று தெரிகின்றன, சுழலவும் செய்கின்றன.

காற்றாலையைப் பார்த்த ஜன்னலை அட்டையால் மூடி, அதில் ஒரு துளையிட்டு, பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் 10 செ.மீ. குவியத்தொலைவு கொண்ட குவிலென்சை அங்கே பொருத்த வேண்டும். இருட்டறைக்குள், லென்சுக்கு 10 செ.மீ. பின்னால் எண்ணெய் தடவிய காகிதத்தைப் பிடித்தால் போதும். அரை கிலோமீட்டர் தள்ளி, 50 மீட்டர் விட்டத்தில் சுழலும் இறக்கைகள் காகிதத்தில் 1 செ.மீ. வட்டமாகச் சுருங்கித் தலைகீழாகத் தெரியும்.

சுழலும் திசை என்ன? காகிதத்துக்குப் பின்னால், காற்றாலையை நோக்கி நின்று பார்த்தால் நேரில் சுழலும் அதே திசைதான். லென்சு பக்கம் வந்து காகிதத்தின் முன்புறத்தைப் பார்த்தால் எதிர்த்திசை! லென்சு மேல்கீழை மட்டும் புரட்டுவதில்லை, இடவலத்தையும் மாற்றுகிறது. இரண்டும் சேர்ந்தால் பிம்பம் அரைச் சுற்று திரும்பியதாக ஆகும். அரைச் சுற்று திரும்பினால் சுழலும் திசை மாறாது. முன்புறத்திலிருந்து பார்ப்பவர் காற்றாலைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், மாற்றம் அதனால் வந்தது.

தலைகீழ் ஏன் என்பதைக் கதிர்ப்படம் சொல்லும். காற்றாலையை விட்டுவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொள்ளலாம். (கோவில்பட்டித் தீக்குச்சியே போதுமே என்று தோன்றும், ஆனால் படம் தெளிவதற்குள் அது விரலைச் சுட்டுவிடும்.) சுடரின் உயரம் 2 செ.மீ. லென்சுக்கு இடப்பக்கம் 15 செ.மீ. தள்ளி, சுடரின் அடி முதன்மை அச்சில் இருக்கும்படி வைக்க வேண்டும். சுடரின் நுனியிலிருந்து அச்சுக்கு இணையாகப் போகும் கதிர் லென்சில் பட்டு வளைந்து, வலப்பக்கக் குவியத்தின் வழியே அச்சைக் கடந்து கீழே இறங்கும். அதே நுனியிலிருந்து லென்சின் நடுவே நுழையும் கதிர் திசை மாறாமல் கீழ்நோக்கிப் போகும். இரண்டும் லென்சுக்கு வலப்பக்கம் 30 செ.மீ. தூரத்தில், அச்சுக்கு 4 செ.மீ. கீழே சந்திக்கும். சுடரின் நுனி அங்கே விழுகிறது. அடியோ அச்சிலேயே இருப்பதால் இரு மடங்கு பெரிய சுடர் தலைகீழாகத் தொங்கும்.

மூன்றாவதாக ஒரு கதிரும் உண்டு. நுனியிலிருந்து இடப்பக்கக் குவியத்தின் வழியே போகும் கதிர், லென்சைத் தாண்டியதும் அச்சுக்கு இணையாகச் செல்லும். நோட்டில் வரைந்தால் அதுவும் அதே புள்ளிக்கு வந்து சேரும். ஆனால் அந்தக் கதிர் லென்சின் தளத்தை எட்டும் இடம் அச்சுக்கு 4 செ.மீ. கீழே. லென்சின் விட்டமே 5 செ.மீ. என்றால் அச்சுக்குக் கீழே இருப்பது 2.5 செ.மீ. கண்ணாடிதான். அதாவது, அந்தக் கதிர் லென்சைத் தொடுவதே இல்லை! ஆனாலும் பிம்பம் அதே இடத்தில்தான் விழுகிறது.

கதிர்ப்படம் வரைபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. வரையும் இரண்டு மூன்று கோடுகள்தான் பிம்பத்தை உண்டாக்குகின்றன என்று நினைத்துவிடுகிறார்கள். நுனியிலிருந்து எல்லாத் திசையிலும் ஒளி கிளம்புகிறது. அதில் லென்சின் மேல் எங்கெல்லாம் படுகிறதோ, அங்கிருந்தெல்லாம் அது திரும்பி அந்த ஒரே புள்ளிக்கு வருகிறது. அந்தப் புள்ளி எங்கே என்று எளிதில் கண்டுபிடிக்க உதவுபவை மட்டுமே இந்த மூன்று கதிர்கள்.

லென்சின் கீழ்ப்பாதியைக் கருப்பு அட்டையால் மூடினால் என்ன ஆகும்? பாதிச் சுடர்தான் தெரியும் என்று எழுதுபவர்கள் நிறைய. உண்மையில் முழுச் சுடரும் தெரியும், வெளிச்சம்தான் பாதியாகக் குறையும். மூடாத மேற்பாதிக்கும் சுடரின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி வருகிறதே! செய்து பார்க்கும்போது அட்டை லென்சை ஒட்டியே இருக்க வேண்டும். மெழுகுவர்த்திக்கு அருகே போனால் அது சுடரையே மறைத்துவிடும்.

இனி மெழுகுவர்த்தியை லென்சுக்கு 5 செ.மீ. அருகே, குவியத்துக்கும் உள்ளே கொண்டுவரலாம். இணைக்கதிரும் நடுக்கதிரும் இப்போது லென்சைத் தாண்டி விரிந்துகொண்டே போகும், எங்கும் சந்திக்காது. திரையை எவ்வளவு நகர்த்தினாலும் மங்கலான வெளிச்சம்தான் மிஞ்சும். அந்தக் கோடுகளைப் பின்னோக்கி, புள்ளிக்கோடாக நீட்டினால் மெழுகுவர்த்தி இருக்கும் பக்கத்திலேயே 10 செ.மீ. தூரத்தில் சந்திக்கும். இதுதான் மாய பிம்பம். நிமிர்ந்து நிற்கும், இதன் உயரமும் 4 செ.மீ.தான். 15 செ.மீ.யில் வைத்தாலும் 5 செ.மீ.யில் வைத்தாலும் உருப்பெருக்கம் இரண்டே. முதலாவதைத் திரையில் பிடிக்கலாம், இரண்டாவதை லென்சின் வழியே கண்ணால் மட்டுமே பார்க்க முடியும்.

மெழுகுவர்த்தியைச் சரியாக 10 செ.மீ.யில் வைத்தால் என்ன ஆகும்? அடுத்த இதழ் வருவதற்குள் மாணவர்கள் வரைந்து பார்த்து வைக்கட்டும்.