குருமாவில் தயிர் திரியாமல் இருக்க...

குருமா தளதளவென்று கொதிக்கும்போது, ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தயிரை அப்படியே ஊற்றினால் என்ன ஆகும்? அடுத்த நிமிடமே வெள்ளை வெள்ளையாகக் குருணை மிதக்கும், சுற்றிலும் தண்ணீர் பிரிந்து நிற்கும். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்துத்தான் இது நடக்கும்.

தயிர் ஏற்கெனவே புளித்த பொருள். அதில் உள்ள புரதம் திடீரென்று அதிகச் சூடு பட்டதும் இறுகிச் சுருங்கி, தன்னிடமுள்ள தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. பால் திரிந்து பனீர் ஆவதும் ஏறக்குறைய இப்படித்தான். தயிர் புளிக்கப் புளிக்க, சீக்கிரம் திரியும். கொழுப்பு நீக்கிய பாலில் தோய்த்த தயிரும் அப்படியே.

நான்கு பேருக்கான காய்கறிக் குருமாவுக்கு அரை கப் தயிர் போதும். அதிகம் புளிக்காத கெட்டித் தயிரை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ஒரு டீஸ்பூன் கடலை மாவில் இரண்டு ஸ்பூன் தயிரை விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மீதித் தயிரையும் சேர்த்து மத்தால் வழவழவென்று அடியுங்கள். இந்த மாவு சூட்டில் உப்பி, புரதம் ஒன்றோடு ஒன்று ஒட்டி இறுகாமல் தடுக்கும். மோர்க்குழம்புக்குத் துவரம்பருப்பும் அரிசியும் ஊறவைத்து அரைத்து விடுவதிலும் இந்த வேலை நடக்கிறது.

காய் வெந்து, அரைத்த தேங்காய் மசாலாவின் பச்சை வாசனை போனதும் அடுப்பை அணைத்து, கொதி அடங்க மூன்று நிமிடம் விடுங்கள். ஒரு கரண்டி குழம்பை எடுத்துத் தயிரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். இன்னும் இரண்டு கரண்டி இப்படியே விட்டால் தயிர் வெதுவெதுப்பாகிவிடும். அதன் பிறகு, ஒரு கையால் கிளறிக்கொண்டே, தயிரைக் குருமாவில் ஊற்றுங்கள்.

இப்போது அடுப்பை சிம்மில் பற்றவைத்து, ஓரத்தில் சின்னக் குமிழிகள் வரும்வரை கை விடாமல் கிளறுங்கள். அதே தீயில் ஐந்து நிமிடம் இருந்தால் கடலை மாவின் பச்சை வாசனை போய்விடும். மாவு சேர்த்திருக்கிறோமே என்று தீயைக் கூட்டிக் கொதிக்கவிட வேண்டாம். எலுமிச்சைச் சாறு பிழிவதாக இருந்தால் இறக்கிய பிறகு பிழியுங்கள்.

மேலே எண்ணெய் மிதந்தால் திரிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கரண்டியின் பின்புறத்தைப் பாருங்கள். குழம்பு வழவழப்பாகப் படிந்திருந்தால் சரியாக இருக்கிறது. வெள்ளைப் பொடியும் தண்ணீருமாக வழிந்தால் திரிய ஆரம்பித்துவிட்டது.

அப்படி ஆனால் உடனே இறக்கிவிடுங்கள். காய்களைத் தனியே எடுத்துவிட்டு, ஆறிய குழம்பை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, காய்களைச் சேர்த்து சிம்மில் சூடாக்குங்கள். முழுவதும் பழையபடி ஆகாது. ஆனால் குருணை தெரியாமல் பரிமாறலாம். மிச்சமான குருமாவை மறுநாள் சூடு செய்யும்போதும் சிம்தான்!