டம்ளருக்குள் மை

நாவலூர் முகாமுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, அம்மாமார்களே, முதலில் இந்த மேசையைப் பாருங்கள். கண்ணாடி டம்ளரில் இருப்பது பால் சேர்க்காத டீ டிகாக்‌ஷன். பக்கத்துக் கிண்ணத்தில், பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று தருகிறார்களே அந்த நீல மாத்திரையைப் பொடித்து, கரைத்து, வடிகட்டி வைத்திருக்கிறேன். இப்போது அதை டீயில் ஊற்றுகிறேன். செம்பழுப்பாக இருந்தது மெல்லக் கறுக்கிறது, பாருங்கள்.

இது வித்தை இல்லை. அந்தக் காலத்தில் கடுக்காய் ஊறிய நீரில் அன்னபேதியைப் போட்டு எழுதுவதற்கு மை காய்ச்சினார்கள். கடுக்காயில் துவர்ப்பு, அன்னபேதியில் இரும்பு. டீயிலும் அந்தத் துவர்ப்பு உண்டு. இட்லி சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பிள்ளையின் குடலிலும் இதே கூட்டணிதான் சேர்கிறது. துவர்ப்போடு ஒட்டிக்கொண்ட இரும்பு எளிதில் கரையாது. கரையாததைக் குடல் உள்ளே விடாது.

கொஞ்சம் போனால் என்ன என்று கேட்கலாம். உங்கள் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே இரண்டு, மூன்று கிராம்தான், ஒரு சின்ன ஆணியின் எடை. ரத்தச் சிவப்பணு 120 நாள் உழைத்துவிட்டு ஓய்கிறது. மண்ணீரலும் ஈரலும் காயலாங்கடை மாதிரி அதைப் பிரித்து, இரும்பை எடுத்துப் புது அணுவுக்குக் கொடுக்கின்றன. இப்படித் தினமும் 20 மில்லிகிராம் அளவு உள்ளுக்குள்ளேயே சுற்றுகிறது. சாப்பாட்டிலிருந்து புதிதாக வேண்டியது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஆனால் மாதவிடாயில் போகும் ரத்தத்தோடு மாதம் சுமார் 15 மில்லிகிராம் காயலாங்கடைக்குத் திரும்பாமலே போய்விடுகிறது. வளர்கிற வயது வேறு. வரவு கொஞ்சம் குறைந்தாலும் சேமிப்பு கரைய ஆரம்பிக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், வகுப்பில் தூக்கம் சொக்குவதும் அதற்குப் பிறகுதான். அதனால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கிறோம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

வரவு ஏன் குறைகிறது? தட்டில் இரும்பே இல்லாததால் என்று மட்டும் சொல்ல முடியாது. கீரை, ராகி, பருப்பு எல்லாவற்றிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடப் பெரும்பாலும் உள்ளே போவதில்லை. 1975-இல் தென்னாப்பிரிக்காவில் இதை அளந்தார்கள். சோதனைக்கு முன்வந்தவர்கள் அங்கே வாழ்ந்த இந்தியக் குடும்பப் பெண்கள். சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் சாப்பிட்டபோது உறிஞ்சிய இரும்பு, அதே சாப்பாட்டோடு டீ குடித்தபோது ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிட்டது.

எதிர்த்திசைக்கும் ஒரு சோதனை உண்டு. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு கொய்யாப்பழம் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. உறிஞ்சுவது ஏறத்தாழ இரண்டு மடங்கானது. கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் இருக்கும் வைட்டமின் சி, குடல் ஏற்கிற வடிவத்துக்கு இரும்பை மாற்றித் தருகிறது. ஓ.எம்.ஆர். ஓரத்தில் தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் தூவி விற்கிற அதே கொய்யாதான். ஒரே ஒரு நிபந்தனை, அது சாப்பாட்டோடு சேர்ந்து போக வேண்டும். மாலையில் தின்றால் மதியச் சாப்பாட்டுக்கு உதவாது.

ஆடிக் கூழைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராகியில் இரும்பைப் பிடித்து வைக்கும் பைட்டேட் என்ற பொருள் உண்டு. மாவைக் கரைத்து இரவு புளிக்க வைத்தால் அதில் ஒரு பகுதி சிதைந்துவிடும். கூடவே கோவளத்திலிருந்து வருகிற நெத்திலி, மத்தி என்று ஏதாவது ஒரு மீன் இருந்தால் இன்னும் நல்லது. மீனில் உள்ள இரும்பில் ஒரு பகுதிக்கு இந்தத் துவர்ப்புத் தொல்லை அவ்வளவாக இல்லை. மீன் பக்கத்தில் இருக்கும் ராகியின் இரும்பையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. கூழும் கருவாட்டுக் குழம்பும் என்று ஜோடி சேர்த்தவருக்கு ஒரு கும்பிடு.

பீட்ரூட்டைப் பற்றி யாராவது கேட்பீர்கள். சிவப்பு என்பதற்காக அது ரத்தமாகிவிடாது. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம்கூட இரும்பு இல்லை. அதே எடை முருங்கைக்கீரையில் நாலரை இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஹீமோகுளோபின் நன்றாக இறங்கிவிட்ட பிள்ளைக்குக் கீரையும் கொய்யாவும் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அதையும் டீயோடும் பாலோடும் விழுங்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், உள்ளே போகாத இரும்புதான் அது. ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் ஏறவில்லை, அல்லது மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். காரணம் கொக்கிப்புழுவாகவோ பரம்பரை ரத்தக் கோளாறாகவோ இருக்கலாம்.

இப்போது இந்தக் கறுப்பு டம்ளரில் அரை எலுமிச்சையைப் பிழிகிறேன். கறுப்பு வெளுக்கிறது. பின்வரிசையில் ஒரு குரல், "அப்போ லெமன் டீ குடிக்கலாமா?" கெட்டிக்காரி! எலுமிச்சை கொஞ்சம் மீட்டுத் தரும், முழுக்க இல்லை. லெமன் டீயானாலும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி, கண்ணு.